பிழை மட்டப் பகுப்பாய்வு: ஒளிரும் இடமெல்லாம் ஒட்டிய இடமா?

ஒரு ஜேபெக் படத்தில் வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டிய பகுதி உள்ளதா என்று சோதிக்கப் பலரும் பயன்படுத்தும் எளிய முறை பிழை மட்டப் பகுப்பாய்வு. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இதை ஈ.எல்.ஏ. என்றும் அழைப்பர். அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் நீல் கிராவெட்ஸ் 2007ஆம் ஆண்டு பிளாக் ஹாட் மாநாட்டில் இம்முறையை விளக்கினார். 2012இல் அவர் தொடங்கிய ஃபோட்டோஃபாரன்சிக்ஸ் என்ற இணையதளத்தின் வழியே அது எல்லோர் கைக்கும் வந்தது. படத்தை ஏற்றினால் சில நொடிகளில் கறுப்புப் பின்னணியில் சில இடங்கள் மட்டும் ஒளிரும் மற்றொரு படம் கிடைக்கும். ஒளிரும் இடம்தான் ஒட்டிய இடம் என்று பார்ப்பவர் முடிவுகட்டிவிடுகிறார்.

அந்த முடிவு ஏன் பல நேரங்களில் தவறாகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. "இந்த இடம் ஒட்டப்பட்டதா?" என்ற கேள்வியை ஈ.எல்.ஏ. கேட்பதே இல்லை. "இந்தப் படத்தை இன்னொரு முறை சேமித்தால் இந்த இடம் எவ்வளவு மாறும்?" என்பதுதான் அது கேட்கும் கேள்வி. இரண்டும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாகக் கருதியதால் நேர்மையான ஒரு புகைப்படக்காரரின் பெயர் உலகமெங்கும் சந்தேகத்துக்கு உள்ளானது. அந்த நிகழ்விலிருந்தே தொடங்குவோம்.

காசா படம்

2012 நவம்பரில் காசா நகரில் ஒரு குறுகலான தெரு. வெள்ளைத் துணியில் சுற்றிய இரண்டு சிறு குழந்தைகளின் உடல்களை ஆண்கள் கைகளில் ஏந்தி முன்னே வருகிறார்கள். முகங்களில் துயரமும் சினமும் தெரிகின்றன. சந்துச் சுவர்களில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அவர்கள் மேல் விழுகிறது. சுவீடன் நாளிதழான டாகென்ஸ் நைஹேட்டரின் புகைப்படக்காரர் பால் ஹான்சன் எடுத்த இந்தப் படம், அந்த ஆண்டின் சிறந்த செய்திப் படமாக வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பால் 2013 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது.

மூன்று மாதங்கள் கழித்து, மே மாதத்தில், நீல் கிராவெட்ஸ் இந்தப் படத்தைக் குறித்து ஓர் ஆய்வை வெளியிட்டார். ஈ.எல்.ஏ. முடிவு, கோப்புக்குள் பதிந்திருந்த திருத்த வரலாறு, வெளிச்சம் விழும் திசை ஆகியவற்றைச் சான்றாக வைத்து, இது ஒன்றுக்கு மேற்பட்ட படங்களைச் சேர்த்து உருவாக்கியது என்று அவர் வாதிட்டார். தொழில்நுட்பச் செய்தித் தளங்கள் அதை எடுத்து, "பரிசு பெற்ற படம் போலி" என்ற பொருளில் பரப்பின.

செய்திப் புகைப்படக்காரர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய குற்றச்சாட்டு கிடையாது. படத்தை ஒட்டித் தயாரித்தார் என்று உறுதியானால் பரிசோடு வேலையும் போகும். அதைவிட முக்கியமாக, இரண்டு குழந்தைகளின் சாவே சந்தேகத்துக்கு உரியதாகிவிடும். என்ன முடிவானது என்பதைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன் அந்த ஒளிரும் படம் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜேபெக் எதை விட்டுக்கொடுக்கிறது

ஜேபெக் முறை, கோப்பின் அளவைக் குறைப்பதற்காகக் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைத் தியாகம் செய்கிறது. படம் முதலில் 8 புள்ளி அகலமும் 8 புள்ளி உயரமும் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள 64 புள்ளிகளின் ஒளி அளவுகள் ஒரு கணக்கீட்டின் மூலம் வேறு 64 எண்களாக மாற்றப்படுகின்றன. இவற்றைக் கெழுக்கள் என்போம். முதல் கெழு கட்டத்தின் சராசரி வெளிச்சத்தைச் சொல்கிறது. மற்றவை அந்தக் கட்டத்துக்குள் வெளிச்சம் எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்பதைச் சொல்கின்றன. தெளிந்த வானத்தில் இந்த மற்றக் கெழுக்கள் ஏறக்குறைய எல்லாம் சுழியாக இருக்கும். புல்தரையிலும் தலைமுடியிலும் அச்செழுத்திலும் அவை பெரிய எண்களாக இருக்கும்.

இதற்கடுத்த படியில்தான் இழப்பு நேர்கிறது. ஒவ்வொரு கெழுவும் ஒரு குறிப்பிட்ட எண்ணால் வகுக்கப்பட்டு, அருகிலுள்ள முழு எண்ணாக மாற்றப்படுகிறது. வகுக்கும் அந்த எண்ணைப் படியளவு என்போம். படியளவு 12 என்றால் 12, 24, 36 என 12இன் மடங்குகளும் சுழியும் மட்டுமே கோப்பில் தங்க முடியும். 4 என்ற கெழு சுழியாகிவிடும். 10 என்ற கெழு 12 ஆகிவிடும். தரத்தைக் குறைத்துச் சேமித்தால் படியளவு பெரிதாகும்; கூட்டிச் சேமித்தால் சிறிதாகும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஜேபெக் தரநிலை ஆவணத்தில் மாதிரியாகத் தரப்பட்ட ஒளி அட்டவணையின் முதல் வரிசையில் ஐந்தாம் எண் 24. பல மென்பொருள்களுக்கு அடிப்படையான லிப்ஜேபெக் நிரலில், அந்த இடத்தின் படியளவு தரம் 75இல் 12, தரம் 90இல் 5, தரம் 95இல் 2 என்று வரும். கேமரா நிறுவனங்கள் தங்கள் சொந்த அட்டவணைகளைப் பயன்படுத்துவதும் உண்டு. நம் கணக்குக்கு இந்த மூன்று எண்கள் போதும்.

ஒட்டிய இடம் ஏன் ஒளிர்கிறது

ஒருவர் தரம் 75இல் சேமித்த ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறார். அதுவரை ஒருமுறைகூட ஜேபெக்காகச் சுருக்கப்படாத வேறொரு படத்திலிருந்து ஓர் உருவத்தை வெட்டி அதில் ஒட்டுகிறார். ஒட்டிய படத்தைத் தரம் 95இல் சேமிக்கிறார். நாம் அந்தக் கோப்பை வாங்கி, தரம் 90இல் இன்னொரு முறை சேமித்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்கிறோம். இதுதான் ஈ.எல்.ஏ.

இரு பகுதிகளிலும் ஒரே இடத்துக் கெழு, தொடக்கத்தில் 4 என்று வைத்துக்கொள்வோம். பின்னணியில் இருந்த 4, தரம் 75இல் சேமித்தபோது சுழியாகிவிட்டது. அதன்பின் எத்தனை முறை சேமித்தாலும் சுழி சுழியே. ஆகவே ஈ.எல்.ஏ. தரும் வேறுபாடு 0. அந்த இடம் கறுப்பாகத் தெரியும். ஒட்டிய உருவத்தில் இருந்த 4, தரம் 95இல் படியளவு 2 என்பதால் 4 ஆகவே தங்கியது. அதைத் தரம் 90இல் சேமிக்கும்போது 4ஐ 5ஆல் வகுத்தால் 0.8, அருகிலுள்ள முழு எண் 1, ஆகவே அது 5 ஆகிறது. வேறுபாடு 1. அந்த இடம் ஒளிரும்.

இந்த முறை பொய்யானதல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. பின்னணி முன்பே ஒருமுறை நன்றாக "தேய்ந்து" போயிருக்கிறது. ஒட்டிய பகுதியோ புதிது. மேலும் தேய்வதற்கு அதில் நுணுக்கம் மிச்சம் இருக்கிறது. தேய்மான வேறுபாட்டை ஈ.எல்.ஏ. காட்டுகிறது. ஈ.எல்.ஏ. பயிற்சிப் பாடங்களில் காட்டப்படும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

ஒட்டாத இடமும் அதே போல் ஒளிர்கிறது

இப்போது யாரும் தொடாத ஒரு படத்தைப் பார்ப்போம். கேமரா அதை ஒரே ஒரு முறை, தரம் 95இல் சேமித்தது. மேலே வானம், கீழே புல். வானத்தில் நம் கெழு 0. தரம் 95இலும் 0. தரம் 90இலும் 0. வேறுபாடு 0. புல்லில் அதே கெழு 4. தரம் 95இல் 4. தரம் 90இல் 5. வேறுபாடு 1.

முன்பு கிடைத்த அதே எண்கள் மீண்டும் வந்துவிட்டன. அங்கே பின்னணி 0, ஒட்டிய உருவம் 1. இங்கே வானம் 0, புல் 1. விடையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கேள்வி எதுவென்று சொல்ல முடியாது. பின்னணியின் சுழி, பழைய சேமிப்பால் நுணுக்கம் அழிந்ததால் வந்தது. வானத்தின் சுழி, அங்கே தொடக்கத்திலிருந்தே நுணுக்கம் இல்லாததால் வந்தது. ஈ.எல்.ஏ.வுக்கு இரண்டும் ஒன்றுதான். பொய் எச்சரிக்கைகளில் மிகப் பெரும்பாலானவற்றின் வேர் இந்த ஓர் உண்மையில்தான் இருக்கிறது.

இதே கணக்கு மறுபக்கத்திலும் நம்மைக் கைவிடும். ஒட்டிய அந்தப் படத்தையே மறுபடி எடுத்துக்கொண்டு, கெழு 4க்குப் பதில் 10 என்று வைத்துப் பார்ப்போம். பின்னணியின் 10, தரம் 75இல் 12 ஆனது. தரம் 95இலும் 12. தரம் 90இல் 12ஐ 5ஆல் வகுத்து முழு எண்ணாக்கினால் 2, அதாவது 10. வேறுபாடு 2. ஒட்டிய பகுதியின் 10, தரம் 95இல் 10. தரம் 90இலும் 10. வேறுபாடு 0. இங்கே உண்மையான பின்னணி ஒளிர்கிறது. ஒட்டிய உருவம் கறுப்பாக ஒளிந்துகொள்கிறது.

நான்கு கணக்குகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம்.

| பகுதி | தொடக்கக் கெழு | முதல் சேமிப்பு | தரம் 95இல் | ஈ.எல்.ஏ. தரம் 90இல் | வேறுபாடு |
|---|---|---|---|---|---|
| பழைய பின்னணி | 4 | தரம் 75: 0 | 0 | 0 | 0 |
| ஒட்டிய உருவம் | 4 | இல்லை | 4 | 5 | 1 |
| பழைய பின்னணி | 10 | தரம் 75: 12 | 12 | 10 | 2 |
| ஒட்டிய உருவம் | 10 | இல்லை | 10 | 10 | 0 |

உண்மையான கட்டம் ஒன்றில் 64 கெழுக்கள் உள்ளன. இடையில் புள்ளிகளின் ஒளி அளவுகளும் முழு எண்களாக மாற்றப்படுவதால் சிறு பிசகுகள் சேரும். ஆகவே ஒரு கெழுவை வைத்து முழுக் கட்டத்தின் முடிவைச் சொல்ல முடியாது. ஆனால் எந்தக் கட்டம் எவ்வளவு ஒளிரும் என்பது, அதில் என்ன வரைந்திருக்கிறது, எந்தப் படியளவுகளை அது கடந்து வந்தது, நாம் எந்தத் தரத்தைத் தேர்ந்தோம் என்ற மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கும் விஷயம் என்பது இந்த அட்டவணையிலேயே தெளிவாகிறது. நாம் தெரிந்துகொள்ள விரும்புவது இரண்டாவதை மட்டும். முதலாவது, மூன்றாவது ஆகியவற்றின் தாக்கத்தை ஈ.எல்.ஏ. பிரித்துக் காட்டுவதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒட்டியவர் கடைசியில் தரம் 95க்குப் பதிலாக 75இல் சேமித்திருந்தால், ஒட்டிய பகுதியின் 4 சுழியாகியிருக்கும், 10 பன்னிரண்டாகியிருக்கும். இரண்டும் பின்னணியின் எண்களோடு ஒன்றிவிடும். தடயம் போய்விட்டது. ஏமாற்ற நினைப்பவர் செய்ய வேண்டியது அவ்வளவே.

நிறமும் பெருக்கமும்

நுணுக்கம் தவிர வேறு இரண்டு காரணங்களும் பொய் எச்சரிக்கை தருகின்றன. ஒன்று நிறம். ஜேபெக் படங்களில் வெளிச்சத் தகவல் முழு அளவிலும், நிறத் தகவல் பெரும்பாலும் அகலத்திலும் உயரத்திலும் பாதி அளவிலும் சேமிக்கப்படுகின்றன. அதாவது நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிற அளவு. அடர்ந்த சிவப்பு அல்லது நீலம் வேறு நிறத்தைச் சந்திக்கும் ஓரத்தில், ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் இந்தச் சராசரி மாறிக்கொண்டிருக்கும். ஆகவே சிவப்புச் சேலையும் நீலப் பதாகையும் ஈ.எல்.ஏ.வில் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். அவற்றை உடுத்தியிருப்பவரோ பிடித்திருப்பவரோ படத்தில் "சேர்க்கப்பட்டவர்" போலத் தோன்றுவார்.

மற்றொன்று பெருக்கம். இரு படங்களுக்கும் உள்ள வேறுபாடு பொதுவாகச் சில அலகுகளே. அப்படியே காட்டினால் திரை முழுவதும் கறுப்பாக இருக்கும். அதனால் வேறுபாட்டை 15 அல்லது 20 மடங்காகப் பெருக்கிக் காட்டுகிறார்கள். சில நிரல்கள் இன்னும் ஒரு படி மேலே போய், அந்தப் படத்தில் உள்ள மிகப் பெரிய வேறுபாடு எதுவோ அதை முழு வெள்ளையாகும்படி நீட்டிவிடுகின்றன. அப்படிச் செய்தால் மிகப் பெரிய வேறுபாடு 6 அலகு மட்டுமே இருக்கும் அமைதியான படத்திலும் ஓர் இடம் கட்டாயம் பளீரென்று ஒளிரும். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் ஒரு குற்றவாளியைக் காட்டும் ஏற்பாடு இது. இரண்டு படங்களின் ஈ.எல்.ஏ. முடிவுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதும் இதனால் பயனற்றதாகிறது.

எவ்வளவு ஒளிர்ந்தால் சந்தேகம், எவ்வளவுக்குள் இருந்தால் இயல்பு என்பதற்கு ஈ.எல்.ஏ.வில் எல்லைக்கோடு எதுவும் கிடையாது. தீர்ப்பைப் பார்ப்பவரின் கண் சொல்கிறது. அந்தக் கண் ஏற்கெனவே யாரையாவது சந்தேகித்திருந்தால், ஒளி அங்கேயே தெரியும்.

வீட்டிலேயே செய்து பார்க்க

இதை நம்பச் சொல்லவில்லை, சோதித்துப் பார்க்கலாம். நல்ல வெளிச்சத்தில், வெற்றுச் சுவரில் மாட்டியுள்ள நாள்காட்டியைப் படம் எடுங்கள். இருட்டான அறையில் எடுத்தால் சுவரிலும் பொடிப்பொடியாகப் புள்ளிகள் விழுந்து சோதனை கெடும். படத்தை யாருக்கும் அனுப்பாமல், எந்தச் செயலியிலும் திறந்து திருத்தாமல், கேமரா தந்த கோப்பைக் கணினிக்கு மாற்றுங்கள். சில கைப்பேசிகள் வேறு வகைக் கோப்பாகச் சேமிக்கும். ஜேபெக்காகச் சேமிக்கும்படி முன்பே அமைத்துக்கொள்ள வேண்டும். இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருள் கணினியில் இருந்தால் இரண்டே கட்டளைகள் போதும்.

```
magick a.jpg -quality 90 b.jpg
magick a.jpg b.jpg -compose difference -composite -evaluate multiply 20 ela.png
```

முதல் கட்டளை படத்தைத் தரம் 90இல் மறுபடி சேமிக்கிறது. இரண்டாவது, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்து 20 மடங்காக்குகிறது. கிடைக்கும் படத்தில் சுவர் பெரும்பாலும் இருண்டிருக்கும். நாள்காட்டியின் எழுத்துகளும், எண்களும், வண்ணப் படத்தின் ஓரங்களும் ஒளிரும். கதை தெரியாத ஒருவரிடம் இதைக் காட்டினால், நாள்காட்டியைச் சுவரில் கணினியால் ஒட்டியிருக்கிறார்கள் என்று சொல்லக்கூடும். ஆணியில் மாட்டியவர் நீங்கள்தான்.

இனி 90 என்ற எண்ணை 80, 95 என்று மாற்றிப் பாருங்கள். ஒளிரும் அளவு மாறும். படம் அதேதான். மாறியது நம் அளவுகோல்.

காசா படத்தின் முடிவு

இப்போது பால் ஹான்சனின் படத்துக்குத் திரும்புவோம். குற்றச்சாட்டு எழுந்ததும் வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பு மூன்று வல்லுநர்களிடம் படத்தை ஒப்படைத்தது. டிஜிட்டல் படத் தடயவியலில் பெயர்பெற்ற பேராசிரியர் ஹனி ஃபரித், அவரோடு பணியாற்றிய கெவின் கானர், நெதர்லாந்தின் டிஜிட்டல் புகைப்பட வல்லுநர் எடுவார்ட் டி காம் ஆகியோரே அம்மூவர். அவர்கள் கையில், இணையத்தில் இருந்தவர்களிடம் இல்லாத ஒன்று இருந்தது: கேமராவின் உணரி பதிந்த ரா கோப்பு.

ரா கோப்பையும் பரிசு பெற்ற ஜேபெக்கையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். நிறமும் ஒளியும் படம் முழுவதும், சில இடங்களில் தனித்தனியாகவும் கணிசமாகத் திருத்தப்பட்டிருந்தன. ஆனால் ரா கோப்பில் எது எங்கே இருந்ததோ அது அங்கேயே ஜேபெக்கிலும் இருந்தது. எதுவும் சேர்க்கப்படவில்லை, எதுவும் நீக்கப்படவில்லை. பரிசு நிலைத்தது.

அப்படியானால் முன்பு தெரிந்த "சான்றுகள்" எங்கிருந்து வந்தன? ஹான்சன் தம் வேலை முறையை விளக்கியபோது, ஒரே ரா கோப்பைப் பல ஒளி அளவுகளில் உருவாக்கி, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கண் பார்த்த வெளிச்சத்தைக் கொண்டுவர முயன்றதாகச் சொன்னார். கோப்பின் திருத்த வரலாறு, ஒரு கோப்பு திறக்கப்பட்டு மாற்றப்பட்டதைப் பதியும். பதிவுகள் ஒரே படத்தின் பல உருவாக்கங்களா, வெவ்வேறு படங்களா என்று அது சொல்லாது. ஈ.எல்.ஏ.வின் பங்கும் இத்தகையதே. ஓரிடத்தில் ஒளியையும் நிற முரணையும் கூட்டினால் அங்குள்ள கெழுக்கள் பெரிதாகும். பெரிய கெழுக்கள் மறுசேமிப்பில் அதிகம் மாற வாய்ப்புண்டு. அந்தப் பகுதி ஒளிரும். திருத்தம் உண்மை, ஒட்டுதல் இல்லை. இரண்டையும் ஈ.எல்.ஏ. ஒரே நிறத்தில் காட்டுகிறது.

ஃபரித்தும் கானரும் தங்கள் அறிக்கையில் ஈ.எல்.ஏ. முறையையே கடுமையாக விமர்சித்தார்கள். திருத்திய படத்தை உண்மை என்று சொல்வதிலும், உண்மைப் படத்தைத் திருத்தியது என்று சொல்வதிலும் அது ஒரே அளவுக்குத் தவறுகிறது என்பது அவர்களின் வாதம்.

செய்திப் படத்தில் ஒளியையும் நிறத்தையும் எவ்வளவு கூட்டலாம் என்பது நியாயமான விவாதம். பலருக்கும் அந்தப் படம் திரைப்படக் காட்சி போல மிகையாகத் தோன்றியது உண்மை. ஆனால் "மிகையாக மெருகேற்றினார்" என்பதும் "பொய்யாகத் தயாரித்தார்" என்பதும் வேறு வேறு குற்றச்சாட்டுகள். ஒன்றுக்கான தடயத்தை மற்றொன்றுக்குச் சான்றாக வைக்கக் கூடாது.

முடிவு சரி, வழி பலவீனம்

எதிர்ப்பக்க எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைனில் மலேசிய விமானம் எம்.எச்.17 சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தனர். நான்கு நாட்கள் கழித்து ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் சில செயற்கைக்கோள் படங்களை வெளியிட்டது. அவற்றின் தேதிகள் பொய் என்றும், படம் திருத்தப்பட்டது என்றும் பெல்லிங்கேட் என்ற புலனாய்வுக் குழு 2015இல் அறிக்கை தந்தது.

அந்த அறிக்கையில் இரண்டு வகைச் சான்றுகள் இருந்தன. ஒன்று, நிலத்தின் தடங்களையும் தாவரங்கள் இருந்த நிலையையும் வேறு செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டு, படம் சொல்லப்பட்ட நாளில் எடுத்ததல்ல என்று காட்டியது. இன்னொன்று, மேகப் பகுதி ஈ.எல்.ஏ.வில் சுற்றுப்புறத்திலிருந்து வேறுபட்டுத் தெரிவதால் மேகம் சேர்க்கப்பட்டது என்று சொன்னது. இரண்டாவது வாதத்தை ஜெர்மன் பட ஆய்வாளர் ஒருவர் டேர் ஸ்பீகல் இதழில் மறுத்தார். கிராவெட்ஸும் தம் கருவி பயன்படுத்தப்பட்ட விதத்தை ஏற்கவில்லை. மேகம் வழவழப்பானது, வயல்வெளி நுணுக்கமானது. நம் வானமும் புல்லும் போல அவை ஒட்டாமலேயே வேறுபட்டுத்தான் தெரியும்.

படங்கள் நம்பத்தக்கவை அல்ல என்ற முடிவுக்கு நிலத் தடங்களின் சான்றே போதுமானதாக இருந்தது. பலவீனமான ஈ.எல்.ஏ. வாதத்தைப் பக்கத்தில் வைத்ததால், எதிர்த்தரப்பு வலுவான சான்றை விட்டுவிட்டுப் பலவீனமானதைத் தாக்க வழி கிடைத்தது. மேலும் ஒரு சான்று என்று நினைத்துச் சேர்த்தது, உள்ள சான்றின் மதிப்பையும் குறைத்தது.

எப்போது, எப்படிப் பயன்படுத்தலாம்

கிராவெட்ஸுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய தளத்தின் பயிற்சிப் பக்கமே, ஒத்ததை ஒத்ததோடு மட்டும் ஒப்பிடச் சொல்கிறது: ஓரத்தை ஓரத்தோடு, நுணுக்கமான பரப்பை நுணுக்கமான பரப்போடு, வழவழப்பான பரப்பை வழவழப்பான பரப்போடு. இந்த விதி மேலே கண்ட வானம்–புல் குழப்பத்தைப் பெருமளவு தவிர்க்கிறது. ஒரே அச்சில், ஒரே மையில், ஒரே தாளில் உள்ள இரண்டு வரிகளில் ஒன்று மட்டும் ஒளிர்ந்தால் அது கேட்கத்தக்க கேள்வி. எழுத்து ஒளிர்கிறது, தாள் ஒளிரவில்லை என்பது கேள்வியே அல்ல.

அடுத்து, கையில் இருக்கும் கோப்பு எத்தனையாவது நகல் என்று பார்க்க வேண்டும். வாட்ஸ்ஆப் வழியாகச் சாதாரணப் படமாக வந்தது அளவு சுருக்கப்பட்டு மறுபடி சேமிக்கப்பட்டிருக்கும். அளவு சுருங்கும்போது பழைய 8×8 கட்டங்களின் எல்லைகளே கலைந்துவிடுகின்றன. முந்தைய சேமிப்பின் தடம் பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. அதன் பின்னும் ஈ.எல்.ஏ.வில் ஒளிரும் இடங்கள் இருக்கும். அவை ஓரங்களும் எழுத்துகளும்தான். திரைப்பிடிப்பாக எடுத்த படத்துக்கும் இதே நிலைதான்.

மூன்றாவதாக, இதைவிடக் கூர்மையான முறைகள் உள்ளன. 2009இல் ஃபரித் விளக்கிய ஜேபெக் ஆவி முறை அவற்றில் ஒன்று. அது படத்தை ஒரே தரத்தில் மறுபடி சேமிப்பதில்லை. பல தரங்களில் வரிசையாகச் சேமித்து, ஒவ்வொரு பகுதியும் எந்தத் தரத்தில் மிகக் குறைவாக மாறுகிறது என்று பார்க்கிறது. முன்பு தரம் 65இல் சேமித்த பகுதி, 65ஐ நெருங்கும்போது தனியாக அடங்கித் தெரியும். ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு ஒப்பிடாமல், அதே பகுதியைப் பல தரங்களில் தன்னோடு ஒப்பிடுவதால், அங்கே வரைந்திருப்பது என்ன என்பதன் செல்வாக்கு குறைகிறது. அதற்கும் எல்லை உண்டு. ஒட்டிய பகுதி, இறுதிப் படத்தைவிடக் குறைந்த தரத்தில் முன்பு சேமிக்கப்பட்டிருந்தால்தான் அது பயன்படும். 8×8 கட்டங்கள் பழைய இடத்தோடு பொருந்தாமல் ஒட்டியிருந்தாலும் தடுமாறும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, காசா படத்தில் வழக்கைத் தீர்த்தது ரா கோப்பு. எம்.எச்.17 படங்களில் தீர்த்தது வெளியிலிருந்து கொண்டுவந்த வேறு படங்கள். இரண்டிலும் விடை, சந்தேகத்துக்குரிய ஜேபெக்குக்கு வெளியேதான் கிடைத்தது. ஒட்டிய உருவத்தின் மூலப் படத்தை இணையத்தில் தேடிக் கண்டுபிடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டால், அதற்குப் பிறகு ஈ.எல்.ஏ. தேவையே இல்லை. மூலமும் கிடைக்கவில்லை, ஒத்த பரப்புகளும் இல்லை, கோப்பும் பலமுறை கைமாறியது என்றால், ஈ.எல்.ஏ. படத்தை வைத்துக்கொண்டு சொல்லக்கூடியது ஒன்றே: "மறுபடி சேமித்தால் இந்த இடம் அந்த இடத்தைவிட அதிகம் மாறுகிறது." அந்த வாக்கியத்தில் போலி என்ற சொல் இல்லை. அதை நாமாகச் சேர்த்தால், ஒட்டு வேலை செய்தவர் நாம்தான்.